மூட்டையில் தைத்திருக்கும் சீட்டை எப்படிப் படிப்பது? (தீவனம், தாது உப்பு இரண்டும்)

நாலுமாடு | செவ்வாய், காலை 6.40

ராசிபுரம் பக்கம். நாலு கலப்பின ஜெர்சி கறவையில் இருக்கின்றன. மூன்று வாரம் முன்புவரை நாலும் சேர்ந்து 42 லிட்டர். வழக்கமாக வாங்கும் குச்சித் தீவனம் 50 கிலோ மூட்டை 1,480 ரூபாய் ஆகிவிட்டது. எங்கள் ஊருக்குப் பால் எடுக்க வருபவர் வேறு ஒரு கம்பெனி மூட்டையை 1,290க்குத் தந்தார். பால் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார். பார்த்தால் பழையதில் புரோட்டீன் 20, புதியதில் 22. விலையும் குறைவு, சத்தும் அதிகம் என்று நானும் மாறிவிட்டேன்.

இப்போது 36 லிட்டர். சாணம் கொஞ்சம் இளகலாகப் போகிறது. இரண்டு மூட்டையின் சீட்டும் கையில் இருக்கிறது, அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

பழையது: குரூடு புரோட்டீன் 20 மின், பேட் 2.5 மின், பைபர் 12 மேக்ஸ், மாய்ஸ்சர் 11 மேக்ஸ், ஆசிட் இன்சாலுபிள் ஆஷ் 4 மேக்ஸ். யூரியா நில். பேட்ச் நம்பர், தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை மூன்றும் உண்டு.

புதியது: புரோட்டீன் 22, பேட் 2, பைபர் 14, மாய்ஸ்சர் 12. அவ்வளவுதான். தேதிக்கு ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருக்கிறது, பாதி அழிந்துவிட்டது. சேர்மானம் என்ற இடத்தில் தானியம், புண்ணாக்கு, தவிடு, மொலாசஸ், உப்பு, கடைசியாக “அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் பொருள்” என்று போட்டிருக்கிறது.

22 இருந்தும் பால் ஏன் இறங்க வேண்டும்? தாது உப்பிலும் இதே குழப்பம் இருக்கிறது, அதை அப்புறம் கேட்கிறேன்.

---

திப்பிமன்னன் | செவ்வாய், காலை 7.15

“நைட்ரஜன் பொருள்” என்றால் யூரியா அண்ணே. வயலுக்குப் போடுகிற அதே யூரியா. மாட்டுக்கு விஷம். மூட்டையைக் குப்பையில் கொட்டுங்கள்.

எந்தக் கம்பெனியையும் நம்பாதீர்கள். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளித் திப்பி மலிவாகக் கிடைக்கிறது. அதோடு கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோ, தவிடு இரண்டு கிலோ. ஏழு வருடமாக இதுதான் என் தீவனம். சீட்டும் இல்லை, தலைவலியும் இல்லை.

---

செஞ்சியக்கா | செவ்வாய், காலை 7.50

தம்பி, ஒரே நாளில் மூட்டையை மாற்றினீர்களா, பழையதும் புதியதும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

---

நாலுமாடு | செவ்வாய், காலை 8.05

ஒரே நாளில்தான் அக்கா. பழைய மூட்டை காலையில் தீர்ந்தது, மாலையில் புதியதைப் பிரித்தேன்.

---

செஞ்சியக்கா | செவ்வாய், காலை 8.20

அப்படியானால் முதல் வாரத்துச் சாணத்துக்குத் தீவனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர் புதுத் தீனிக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நான் எதை மாற்றினாலும் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் என்றுதான் போவேன். எங்கள் வீட்டில் பதினொரு மாடு. ஒருமுறை அவசரப்பட்டு மாற்றி நான் பட்டது போதும்.

ஆனால் மூன்று வாரம் ஆகியும் 36லேயே நிற்கிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது.

---

சோதனைக்குழாய் | செவ்வாய், இரவு 9.10

தீவன ஆலை லேபில் பதினாலு வருடம் வேலை பார்த்தவன். இப்போது வெளியே வந்துவிட்டேன், எந்தக் கம்பெனிக்காகவும் பேசவில்லை.

நாலுமாடு, நீங்கள் முதலில் பார்த்தது புரோட்டீன் எண். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள், கம்பெனிக்காரருக்கும் அது தெரியும். லேபில் யாரும் புரதத்தை நேராக எடுத்து அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவோம். அந்த நைட்ரஜன் புண்ணாக்கிலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள், 287 வரும். அதாவது 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால் சீட்டில் புரோட்டீன் கிட்டத்தட்ட 2.9 ஏறிவிடும். அந்த அளவை ஏற்ற புண்ணாக்கு எத்தனை கிலோ வேண்டும், அதற்கு என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

திப்பிமன்னன் சொன்னதில் பாதி சரி. யூரியா என்றாலே விஷம் இல்லை. அசை போடும் மாட்டின் வயிற்று நுண்ணுயிர் அதை எடுத்துத் தன் உடம்புப் புரதமாக மாற்றும், மாடு அந்த நுண்ணுயிரைச் செரிக்கும். அதனால்தான் ஐ.எஸ். 2052 தர அளவில் இரண்டாம் வகைத் தீவனத்தில் 1 சதவீதம்வரை விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வேலை நடக்க மாவுச்சத்து கூடவே வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு ஆகவே ஆகாது. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் மாட்டுக்கு வேலைதான் அதிகம், பலன் இல்லை. நுண்ணுயிர் பிடிக்காத மீதி ரத்தத்தில் ஏறி ஈரல் வழியாகச் சிறுநீரில் போய்விடும். அளவு இன்னும் மிஞ்சினால் மாடு நுரை தள்ளி விழுவதும் உண்டு.

இரண்டாவது, உங்கள் புதிய சீட்டில் ஒரு வரியே இல்லை, கவனித்தீர்களா? ஆசிட் இன்சாலுபிள் ஆஷ். அமிலத்தில் கரையாத சாம்பல், நம் பாஷையில் மண்ணும் உமியும். நான் சீட்டை வாங்கினால் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அதைப் போடாத கம்பெனிக்கு ஏதோ காரணம் இருக்கும்.

பேட் 2, பைபர் 14 இரண்டும் இரண்டாம் வகை அளவுக்கு வெளியே. அங்கே பேட் 2.5க்குக் குறையக் கூடாது, பைபர் 12க்கு மிஞ்சக் கூடாது. பைபர் ஏறினால் உமியோ கடலைத் தோலோ உள்ளே போயிருக்கும், மாட்டுக்கு எரிசக்தி குறையும். பால் இறங்க அது ஒன்றே போதும். எரிசக்தி எவ்வளவு என்று சீட்டில் தனி வரி இருக்காது. பேட், பைபர், மண் மூன்றையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

---

திப்பிமன்னன் | செவ்வாய், இரவு 9.40

சரி சார், ஏழு வருடமாக என் மாடு நன்றாகத்தானே இருக்கிறது?

---

சோதனைக்குழாய் | செவ்வாய், இரவு 10.02

இருக்கும். திப்பி நல்ல மாவுச்சத்து, கறவைக்கு எரிசக்தி தரும். புரதம்தான் அதில் ஏறக்குறைய கிடையாது, அதைக் கடலைப் புண்ணாக்கு ஈடுகட்டுகிறது. நீங்கள் எழுதியதில் உப்பும் இல்லை, தாது உப்பும் இல்லை. வீட்டுக் கலவை என்றால் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ தாது உப்பு, ஒரு கிலோ சாதா உப்பு போட்டே ஆக வேண்டும். ஒன்று கேட்கிறேன். ஈன்ற எத்தனையாவது மாதம் உங்கள் மாடு திரும்பச் சினை பிடிக்கிறது?

---

திப்பிமன்னன் | செவ்வாய், இரவு 10.15

ஏழு, எட்டு மாதம் ஆகிறது. அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் சார்.

---

வெள்ளாடு99 | புதன், காலை 5.55

எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது, நல்லவேளை கேட்டீர்கள். மாட்டுக்கு வாங்குகிற தாது உப்பையே என் முப்பது செம்மறிக்கும் போடுகிறேன். ஒரு ஆட்டுக்கு எத்தனை கிராம்?

---

செஞ்சியக்கா | புதன், காலை 6.30

பெயரில் வெள்ளாடு, கையில் செம்மறியா! இங்கே பேச்சு கறவை மாட்டைப் பற்றி. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், செம்மறிக்கு அதைக் கொடுக்காதீர்கள். மாட்டுக் கலவையில் தாமிரம் அதிகம். செம்மறி அதை வெளியேற்றாமல் ஈரலில் சேர்த்துவைக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, திடீரென்று ஒருநாள் கண் மஞ்சளாகிச் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஆட்டுக்கென்று தனியாக விற்பதை வாங்குங்கள். எவ்வளவு என்று உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

---

நாலுமாடு | புதன், மதியம் 1.20

சோதனைக்குழாய் சார், யூரியா இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? பால்காரரிடம் கேட்டால் “அதெல்லாம் கிடையாது” என்கிறார்.

---

சோதனைக்குழாய் | புதன், இரவு 8.45

உண்டு, ஆனால் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

பச்சை சோயா மொச்சை கொஞ்சம் வாங்கி மிக்ஸியில் பொடி செய்யுங்கள். வறுத்தது ஆகாது. எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கும் ஆகாது, சூடு பட்டால் அதில் உள்ள நொதி செத்துவிடும். தீவனக் குச்சியை நுணுக்கி இரண்டு ஸ்பூன், சோயாப் பொடி ஒரு ஸ்பூன், கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர். மூடி உள்ள சின்னப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். திறந்து முகர்ந்தால் யூரியா இருக்கும் பாட்டிலில் அமோனியா நெடி மூக்கைக் குத்தும். நாள்பட்ட மாட்டு மூத்திர வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தீவனத்தையும் இன்னொரு பாட்டிலில் இதே மாதிரி வையுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் மொலாசஸ் வாடையையே அமோனியா என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மண்ணுக்கு வேறு சோதனை. நூறு கிராம் குச்சியை ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் கையால் கரைத்து, சுழற்றி, மேல் தண்ணீரை மெதுவாக வடித்துவிடுங்கள். அரிசி களைகிற மாதிரிதான். ஏழெட்டுத் தடவை செய்தால் அடியில் மணல் மட்டும் நிற்கும். காயவைத்து எடை போடுங்கள். உமியில் உள்ள மணற்சத்து இதில் சிக்காது, அது தண்ணீரோடு போய்விடும். லேபில் எரித்துப் பார்த்தால்தான் அதுவும் சேர்ந்து வரும்.

---

நாலுமாடு | வெள்ளி, காலை 7.05

இரண்டும் செய்தேன். மண் சோதனையில் பழையது ஒரு கிராம், புதியது நாலு கிராம். அம்மாவின் சமையல் தராசில்தான் எடை போட்டேன், அரை கிராம் முன்பின் இருக்கலாம். புதியதில் நின்ற மணலை விரலால் தேய்த்தால் நறநறவென்கிறது.

பாட்டில் சோதனையில் பழையதில் சோயா வாடை மட்டும். புதியதைத் திறந்தவுடன் என் பையன் “அப்பா, மாட்டுக் கொட்டாய் வாடை” என்றான்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு லேப் இருக்கிறதே, அங்கே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

---

சோதனைக்குழாய் | வெள்ளி, காலை 9.30

போங்கள், அதற்குத்தான் அந்த லேப். அரைக் கிலோ போதும். ஒரே மூட்டையின் மேலிருந்து அள்ளிப் போடாதீர்கள். கைவசம் எத்தனை மூட்டை இருக்கிறதோ எல்லாவற்றிலும் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் ஒரு கைப்பிடி எடுங்கள். சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலக்குங்கள். அரைக் கிலோ வரும்வரை அப்படியே செய்யுங்கள். காற்றுப் புகாத கவரில் போட்டு, சீட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புரோட்டீன் மட்டும் கேட்காதீர்கள், யூரியாவும் கரையாத சாம்பலும் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள்.

---

கடைத்தெரு | வெள்ளி, இரவு 10.40

திருச்செங்கோடு பக்கம் தீவனக் கடை வைத்திருக்கிறேன். எல்லாரும் கடைக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் இரண்டு வார்த்தை.

நான் விற்பது மூன்று கம்பெனி, ஆவின் மூட்டையும் உண்டு. என் கடைக்கு வருபவர்களில் பத்தில் எட்டுப் பேர் கேட்பது “கடன் எத்தனை நாள்?” என்றுதான். சீட்டைப் படித்துவிட்டு வாங்கியவரை விரல்விட்டு எண்ணலாம். மலிவு மூட்டை வேண்டும் என்று நீங்கள் கேட்டால் மலிவு மூட்டை வரத்தான் செய்யும்.

இன்னொன்று. கம்பெனி நல்லதாக இருந்தும் மூட்டை மாறிவிடுவது உண்டு. நல்ல கம்பெனியின் காலிச் சாக்கை வாங்கி, வேறு சரக்கை அடைத்துத் தைக்கிறார்கள். வாய்த் தையலைப் பாருங்கள். ஆலையில் மெஷின் ஒரே ஓட்டமாகத் தைக்கும், சீட்டும் அந்தத் தையலுக்குள்ளேயே சேர்ந்து போயிருக்கும். திரும்பத் தைத்த சாக்கில் பழைய ஊசித் துளை வரிசை பக்கத்திலேயே காலியாகத் தெரியும். சீட்டைத் தனியாக நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் நான் இறக்கவே மாட்டேன்.

---

செஞ்சியக்கா | சனி, காலை 6.10

கடைக்கார அண்ணன் சொன்னது நியாயம். நானும் கடனுக்கு வாங்கி மாட்டிக்கொண்டவள்தான். பால் எடுப்பவரே தீவனமும் கொடுத்தால், தீவனம் சரியில்லை என்று சொல்ல வாய் வராது. சொன்னால் பாலுக்கு டிகிரி குறைப்பார். இப்போது சங்கத்தில் பால் ஊற்றுகிறேன், தீவனம் கடையில் ரொக்கத்துக்கு. இரண்டு பேரும் வேறு வேறு ஆள் என்பதே பெரிய நிம்மதி.

நான் கடையைத் தேர்ந்தெடுத்த விதம் வேடிக்கையாக இருக்கும். மழைக்காலத்தில் போய்க் குடோனைப் பார்த்தேன். மூட்டை தரையில் படாமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி அடுக்கியிருந்தார். பில்லில் பேட்ச் நம்பர் எழுதித் தரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் எழுதினார். ஒருதரம் ஒரு மூட்டையில் குச்சி ஒட்டிக்கொண்டு பூசண வாடை அடித்தது, பில்லைக் காட்டியதும் எடுத்துக்கொண்டார். அந்த பேட்ச்சில் மீதி இருந்ததையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அப்புறம் தெரிந்தது.

---

கடைத்தெரு | சனி, காலை 7.25

பூசணத்தை மட்டும் “வெயிலில் காயவைத்துப் போடலாம்” என்று நினைக்காதீர்கள். அக்கா சொன்ன மாதிரி திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காய்ந்தாலும் நஞ்சு போகாது, பாலிலும் இறங்கும்.

---

நாலுமாடு | சனி, மதியம் 2.50

லேப் முடிவு வரட்டும். அதற்குள் தாது உப்புக் கேள்வி. ஒரு மாடு மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. டாக்டர் கருப்பையைப் பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றும் இல்லை, தாது உப்பைத் தவறாமல் கொடு என்றார். கடையில் இரண்டு பாக்கெட் காட்டினார்கள்.

ஒன்று கிலோ 130. கால்சியம் 24%, பாஸ்பரஸ் 12%, ஜிங்க் 0.96%.

இன்னொன்று கிலோ 85. கால்சியம் 320 கிராம், பாஸ்பரஸ் 50 கிராம், ஜிங்க் 3,000 மி.கி. இதில் வைட்டமின், ஈஸ்ட், ஈரல் சாறு என்று இன்னும் பத்து வரி இருக்கிறது. 3,000 என்றால் நிறைய இல்லையா?

---

சோதனைக்குழாய் | சனி, இரவு 9.15

இதுவும் சீட்டு செய்கிற வேலைதான். ஒருவர் சதவீதத்தில் போடுகிறார், இன்னொருவர் கிலோவுக்கு மில்லிகிராமில் போடுகிறார். 0.96 சதவீதம் என்பது கிலோவுக்கு 9,600 மி.கி. இப்போது 3,000ஐப் பக்கத்தில் வையுங்கள். நாளைக்கு ஐம்பது கிராம் போட்டால் முதல் பாக்கெட்டில் 480 மி.கி. ஜிங்க் போகும், இரண்டாவதில் 150. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு மி.கி. தேவைப்படும். மேய்ச்சலிலும் தீவனத்திலும் கொஞ்சம் கிடைக்கும், ஆனாலும் 150 ஒரு மூலைக்கு.

கால்சியம், பாஸ்பரஸ் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டைகால்சியம் பாஸ்பேட் போட்டுச் செய்த கலவையில் 20க்குக் கொஞ்சம் மேலே கால்சியமும் 12 பாஸ்பரஸும் வரும், ஐ.எஸ். 1664லும் பாஸ்பரஸ் 12தான். கால்சியம் 32, பாஸ்பரஸ் 5 என்றால் உள்ளே பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் பொடி. அது தப்பான பொருள் இல்லை, விலை மலிவான பொருள். கணக்குப் பாருங்கள். 130 ரூபாய்க்கு 120 கிராம் பாஸ்பரஸ், கிராம் 1 ரூபாய் 8 காசு. 85 ரூபாய்க்கு 50 கிராம், கிராம் 1 ரூபாய் 70 காசு.

வீட்டில் பார்க்க எலுமிச்சை போதும். ஒரு ஸ்பூன் பொடியில் சாற்றைப் பிழியுங்கள். சுண்ணாம்புக்கல் அதிகம் இருந்தால் சோடா மாதிரி பொங்கும். நல்ல கலவையிலும் கொஞ்சம் நுரைக்கும், சோடா உப்பு சேர்த்திருந்தாலும் பொங்கும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

---

கீழத்தஞ்சை | ஞாயிறு, காலை 8.30

சார், ஒரு சந்தேகம். நாங்கள் நாளைக்கு ஒரு மாட்டுக்கு மூன்று கிலோ தவிடு போடுகிறோம், மீதி வைக்கோல்தான். தவிட்டில் பாஸ்பரஸ் ஏற்கெனவே அதிகம், வைக்கோலில் கால்சியம் கிடைக்காது என்று பயிற்சியில் சொன்னார்கள். அப்படியென்றால் எங்களுக்கு அந்த 85 ரூபாய்ப் பாக்கெட்தானே பொருத்தம்? எல்லாருக்கும் 12 எதற்கு?

---

சோதனைக்குழாய் | ஞாயிறு, காலை 11.00

நல்ல கேள்வி. தவிடும் வைக்கோலும் மட்டும் என்றால் கால்சியம்தான் முதல் குறை, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்குப் பாக்கெட் வேண்டாம். வேலிமசால், அகத்தி என்று பயறுவகைப் பசுந்தீவனம் கொடுத்தாலே கால்சியம் வந்துவிடும். பாக்கெட்டை நான் வாங்கச் சொல்வது ஜிங்க், தாமிரம், கோபால்ட், அயோடினுக்காக. அவை அந்த 85 ரூபாய்ப் பாக்கெட்டில் மெலிவாக இருக்கின்றன. பகுதிக்கு ஏற்ற கலவை என்று கால்நடைப் பல்கலைக்கழகமே தயாரித்து விற்கிறது, பக்கத்துப் பயிற்சி மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

---

கீழத்தஞ்சை | ஞாயிறு, காலை 11.25

அகத்தி சொல்வது எளிது சார். ஆறு மாதம் தண்ணீர் நிற்கிற நிலம் எங்களுடையது.

---

நாலுமாடு | வியாழன், மாலை 6.30

லேப் முடிவு வந்துவிட்டது. புதிய தீவனம்: புரோட்டீன் 21.2, யூரியா 1.8, கரையாத சாம்பல் 6.1, பைபர் 14.5.

சோதனைக்குழாய் சார் சொன்ன மாதிரி கணக்குப் போட்டேன், சரியா பாருங்கள். 1.8 யூரியா கொடுக்கும் புரோட்டீன் கிட்டத்தட்ட 5.2. அதைக் கழித்தால் நிஜமான புரதம் 16. ஐம்பது கிலோவில் எட்டுக் கிலோ. 1,290ஐ எட்டால் வகுத்தால் கிலோ 161 ரூபாய். பழையதில் 20 சதவீதம் என்றால் பத்துக் கிலோ, 1,480ஐப் பத்தால் வகுத்தால் 148. மலிவு என்று வாங்கியதுதான் விலை அதிகம்!

நாலு மாட்டுக்கும் நாளைக்கு 22 கிலோ போடுகிறேன். அதில் மிச்சமானது 84 ரூபாய். குறைந்த பால் ஆறு லிட்டர், லிட்டர் 36 என்றால் 216 ரூபாய். நாலு வாரத்துக்கு மேல் இப்படிப் போயிருக்கிறது.

---

செஞ்சியக்கா | வியாழன், இரவு 7.45

கணக்குச் சரி. ஆனால் தம்பி, பழையதை லேபில் கொடுக்கவில்லையே. அதில் 20 என்று சீட்டுதான் சொல்கிறது.

---

சோதனைக்குழாய் | வியாழன், இரவு 9.20

அக்கா பிடித்துவிட்டார். பழையதில் 18 இருந்தால் கிலோ 164 ஆகிவிடும், கணக்கு தலைகீழ். அதையும் கொடுங்கள். முத்திரைக்குக் கீழே CM/L என்று ஒரு எண் இருக்கும், போனில் BIS Care செயலியில் அதை அடித்தால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, எந்த ஆலைக்குக் கொடுத்தது என்று காட்டும். முத்திரையை மட்டும் அச்சடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, யூரியா நைட்ரஜனை முழுதாகக் கழித்தது கொஞ்சம் கறாரான கணக்கு. அதில் ஒரு பகுதி மாட்டுக்கு உதவியிருக்கும். மணலுக்கு அந்தச் சலுகை கிடையாது. 6.1 என்றால் மூட்டைக்கு மூன்று கிலோ.

---

திப்பிமன்னன் | வியாழன், இரவு 9.50

யூரியாவுக்கு மாவுச்சத்து வேண்டும் என்றீர்களே சார். மீதி மூட்டைகளோடு இரண்டு கிலோ திப்பி சேர்த்துப் போட்டால் வீணாகாமல் தீர்த்துவிடலாமே?

---

சோதனைக்குழாய் | வியாழன், இரவு 10.10

யோசனை சரியான திசையில்தான் போகிறது. ஆனால் 1.8 உள்ள மூட்டையை வைத்து நான் செய்து பார்க்கமாட்டேன். பழைய தீவனத்தோடு பாதிக்குப் பாதி கலந்தால் 0.9க்கு வந்துவிடும், அதோடு திப்பி கொடுங்கள். கன்றுகளுக்கு வேண்டாம். பசி வயிற்றில் வைக்காதீர்கள்.

---

கடைத்தெரு | வியாழன், இரவு 10.30

பால்காரரிடம் லேப் சீட்டைக் காட்டினீர்களா? என்ன சொன்னார்?

---

நாலுமாடு | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை 7.00

பத்து நாளில் படிப்படியாகப் பழைய தீவனத்துக்கு வந்துவிட்டேன். நேற்று 40 லிட்டர். பழைய 42 இன்னும் வரவில்லை. இரண்டு மாடு ஈன்று ஆறு மாதம் தாண்டிவிட்டதால் இயல்பாகவே இறங்கியிருக்கலாம் என்று அக்கா போனில் சொன்னார்.

பழையதையும் லேபில் கொடுத்தேன். 19.3 வந்தது, யூரியா இல்லை, சாம்பல் 3.4. சீட்டைவிடக் கொஞ்சம் கம்மிதான். கிலோ 153 ஆகிறது.

பால்காரர் லேப் சீட்டைப் பார்த்துவிட்டு “கம்பெனிக்காரனிடம் பேசுகிறேன்” என்றார். மீதி நாலு மூட்டையைத் திரும்ப எடுக்கவில்லை, பால் பணத்தில் கழித்துக்கொண்டார். இரண்டு மூட்டையைப் பாதிக்குப் பாதி கலந்து தீர்த்தேன். இரண்டு இன்னும் கொட்டகையில் கிடக்கிறது.

130 ரூபாய்த் தாது உப்பு நாளைக்கு ஐம்பது கிராம் போகிறது. அந்த மாடு இன்னும் பருவத்துக்கு வரவில்லை.

---

கீழத்தஞ்சை | ஞாயிறு, காலை 9.10

தாது உப்பு ஆரம்பித்து எத்தனை நாளில் பலன் தெரியும்? யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

---

செஞ்சியக்கா | ஞாயிறு, காலை 9.40

என் மாட்டில் ஒன்று ஒன்றரை மாதத்தில் வந்தது, இன்னொன்று மூன்று மாதம் இழுத்தது. இரண்டும் ஒரே பாக்கெட்தான்.